ஈயின் இறக்கை

த்ரீடி படம் முடிந்து வெளியே வரும் கூட்டத்தில் எப்போதும் ஒருவர் இருப்பார். "கண்ணாடிக்குத் தனியா காசு வாங்குறான், ஒண்ணும் பெருசா தெரியலையே" என்பார். கூட வந்தவர்கள் அவரை ரசனை இல்லாதவர் என்றோ, எதற்கெடுத்தாலும் குறை சொல்கிறவர் என்றோ நினைத்துக்கொள்வார்கள். ஆனால் அவர் சொன்னது விமர்சனமாக இல்லாமல் வெறும் தகவலாக இருக்க வாய்ப்பு உண்டு. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. அறுபது வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய 7 சதவீதம் பேருக்கு, இரண்டு கண்களையும் சேர்த்து ஆழத்தைக் காணும் திறன் இல்லை என்று, பல ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து 2019-ல் ஒரு கணிப்பு வந்தது. முந்நூறு பேர் உட்காரும் அரங்கில் இருபது பேர். அந்த இருபதில் நானும் ஒருவன்.

சிங்கப்பெருமாள் கோவிலில் வாடகைக்கு இருக்கிறேன். ஒரகடம் சாலையில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. 2018 கடைசியில் '2.0' வந்தபோது ஷிப்ட் முடிந்து ஏழு பேராகப் போனோம். த்ரீடி கேமராவிலேயே எடுத்த படம் என்று ஊரெல்லாம் பேச்சு. செல்போன்களால் ஆன அந்தப் பறவை பறந்து வந்தபோது என் வரிசையில் எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். அவர்கள் குனிந்ததைப் பார்த்து நானும் அரை நொடி தாமதமாகச் சிரித்தேன். எனக்குத் தெரிந்தது கொஞ்சம் மங்கலான, மற்றபடி நல்ல, தட்டையான படம்.

இத்தனை வருடம் இதைப் பற்றி எழுதத் தோன்றவில்லை. இந்த வருடம் அக்கா மகளின் நல்ல கண்ணை தினமும் இரண்டு மணி நேரம் மூடிவைக்கும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. அவளுக்கு ஐந்து வயது. அழுகிறாள். எனக்கு என்னவென்றே தெரியாத ஒன்று அவளுக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காக அவளை அழ வைக்கிறேன். அந்தச் சங்கடம்தான் இந்தக் கட்டுரை.

முதலில், அரங்கில் என்ன நடக்கிறது என்பது. நம் இரண்டு கண்களுக்கும் நடுவில் ஆறு சென்டிமீட்டர் சொச்சம் இடைவெளி இருக்கிறது. அதனால் ஒரே பொருளை இரண்டும் சற்றே வேறு கோணத்தில் பார்க்கின்றன. கட்டைவிரலை முகத்துக்கு முன்னால் நீட்டி ஒரு கண்ணை மூடி, பிறகு மறு கண்ணை மூடிப் பார்த்தால் விரல் பக்கவாட்டில் தாவுவது தெரியும். அருகில் இருக்கும் பொருள் அதிகம் தாவும், தள்ளி இருப்பது குறைவாகத் தாவும். இந்த வித்தியாசத்தை மூளை அளந்து ஆழமாக மாற்றிக்கொள்கிறது. சார்லஸ் வீட்ஸ்டன் என்கிற ஆங்கிலேயர் 1838-ல் இதை நிரூபித்தார். நிழலும் இல்லாத, தூரமும் இல்லாத வெறும் கோட்டுப் படங்கள் இரண்டை வரைந்து, கண்ணாடிகள் வைத்து ஒவ்வொரு கண்ணுக்கும் ஒன்றைக் காட்டினார். பார்த்தவர்களுக்குக் கோடுகள் ஒரு கனப்பொருளாக எழுந்து நின்றன. த்ரீடி சினிமா அதே வித்தைதான். திரையில் இரண்டு படங்கள் விழுகின்றன, கண்ணாடி அவற்றைப் பிரித்து இடதை இடக்கண்ணுக்கும் வலதை வலக்கண்ணுக்கும் அனுப்புகிறது. சேர்த்துக் கட்டும் வேலை முழுக்க பார்ப்பவரின் மூளையில் நடக்கிறது. என் மூளை அந்த வேலையைச் செய்வதில்லை. ஒரு கண்ணின் படத்தை எடுத்துக்கொண்டு மற்றதை ஓரங்கட்டிவிடுகிறது. கண்ணாடி பாதிக்கு மேல் வெளிச்சத்தைத் தின்றுவிடுவதால் மங்கல் மட்டும் மிஞ்சுகிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். த்ரீடியில் தலைவலிக்கிறது, கண் எரிகிறது என்பவர்கள் வேறு கட்சி. அவர்களுக்கு ஆழம் தெரிகிறது. அதற்கான உழைப்புதான் தாங்கவில்லை. ஒரு பொருள் பக்கத்தில் வந்தால் கண்கள் இரண்டும் உள்நோக்கித் திரும்ப வேண்டும், அதே சமயம் லென்ஸும் பக்கத்துக்குக் குவிய வேண்டும். பிறந்ததிலிருந்து இரண்டும் ஜோடியாகவே நடந்திருக்கின்றன. த்ரீடியில் பறவை மூக்குக்கு எதிரே வருகிறது, ஆனால் வெளிச்சம் வருவது தூரத்துத் திரையிலிருந்து. கண்கள் உள்ளே திரும்ப, லென்ஸ் திரையிலேயே நிற்க, ஜோடியைப் பிரித்து இரண்டரை மணி நேரம் ஓட்ட வேண்டும். ஏற்கெனவே கண்ணை உள்ளே திருப்புவதில் பலவீனம் இருப்பவர்களுக்கு இது கொடுமை. அந்தப் பலவீனம் நாம் நினைப்பதைவிடப் பரவலானது. சென்னை சங்கர நேத்ராலயாவைச் சேர்ந்தவர்கள் தமிழ்நாட்டின் பள்ளிப் பிள்ளைகளை நகரத்திலும் கிராமத்திலும் சோதித்தபோது, மாறுகண் இல்லாத பிள்ளைகளிலேயே பத்தில் மூன்று பேருக்கு இருகண் ஒத்துழைப்பில் ஏதோ ஒரு கோளாறு இருந்தது. அதில் முதலிடம் இந்த உள்திருப்பும் பலவீனத்துக்கு. இதற்கு மருத்துவமனையில் வைத்துத் தரும் பயிற்சி உண்டு, பலனும் நிரூபிக்கப்பட்டது. 'கண் பயிற்சியால் சரியாகுமா?' என்று கேட்பவர் இந்தக் கட்சி என்றால் பதில் சுலபம்: பெரும்பாலும் ஆகும். என் கட்சிக்கு அப்படி ஒரு வரியில் சொல்லிவிட முடியாது.

எனக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே மாறுகண். "மாறுகண் இருந்தா அதிர்ஷ்டம்டா" என்று பாட்டி சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த அதிர்ஷ்டத்தில் ஒன்பது வருடம் போனது. பிறகு ஆபரேஷன் செய்தார்கள். கண் நேரானது, போட்டோவில் நன்றாக விழுந்தேன், எல்லோருக்கும் திருப்தி. ஆனால் இரு கண்களும் ஒரே இடத்தைப் பார்க்காத அந்த ஒன்பது வருடங்களில் மூளை தன் ஏற்பாட்டைச் செய்து முடித்திருந்தது.

அது என்ன ஏற்பாடு என்பதை டேவிட் ஹூபெலும் டார்ஸ்டன் வீசலும் 1960-களில் பூனைக்குட்டிகளில் கண்டார்கள். சாதாரணப் பூனையின் பார்வைப் புறணியில் பெரும்பாலான செல்கள் இரண்டு கண்களின் சேதிக்கும் பதில் சொல்லும். குட்டியின் கண் தசையொன்றை வெட்டிச் செயற்கையாக மாறுகண் உண்டாக்கியபோது, இரு கண்களுமே தனித்தனியாக நன்றாகப் பார்த்தன. ஆனால் இரண்டுக்கும் பொதுவான செல்கள் மிகவும் குறைந்துபோயின. ஒவ்வொரு செல்லும் ஏதாவது ஒரு கண்ணின் பக்கம் சேர்ந்துவிட்டது. பாகப்பிரிவினை ஆன வீடு மாதிரி. குட்டிப் பருவத்தில் இது நடக்கும், வளர்ந்த பூனையில் நடக்காது. 1981-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இதைத் தொடர்ந்து மனிதர்களுக்கும் ஒரு கெடு வைக்கப்பட்டது. ஏழெட்டு வயதுக்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது என்பது கண் மருத்துவத்தில் பல காலம் கிட்டத்தட்ட வேதவாக்கு.

எனக்கு ஆழம் தெரியாது என்பதை நான் தெரிந்துகொண்டது படத்துக்கு அப்புறம், ஒரு கண் மருத்துவமனையில். ஒரு சிறு புத்தகம் தருவார்கள். போலராய்டு கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். ஒரு பக்கம் முழுக்க ஒரு பெரிய ஈ. "அதோட இறக்கையைப் புடிங்க சார்" என்றார் பரிசோதித்த பெண். நான் காகிதத்தைத் தொட்டேன். அவர் எதுவும் சொல்லாமல் எழுதிக்கொண்டார். ஆழம் தெரிகிறவர்களின் விரல்கள் காகிதத்துக்கு மேலே, காற்றில், அங்கே இல்லாத ஓர் இறக்கையைக் கிள்ளுமாம். குழந்தைகள் சிலர் ஈயைப் பார்த்துப் பயந்து கையை இழுத்துக்கொள்வதும் உண்டு என்றார்.

எதிர்ப்பக்கத்தில் வட்டங்கள். நான்கு நான்காக இருக்கும், ஒவ்வொரு நான்கிலும் ஒன்று மட்டும் எழும்பி நிற்கும், எது என்று சொல்ல வேண்டும். முதல் இரண்டு வரிசையை நான் சரியாகச் சொன்னேன். எனக்கே ஆச்சரியம். அவர் சிரித்துக்கொண்டே புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பினார். திருப்பினால் இரு கண்களுக்கான படங்களும் இடம் மாறும், எழும்பிய வட்டம் பள்ளத்தில் இறங்கிவிடும். "இப்ப எது மேல நிக்குது?" நான் அதே வட்டத்தைக் காட்டினேன். மாட்டிக்கொண்டேன். எழும்ப வேண்டிய வட்டத்தின் அச்சு மற்றவற்றைவிடக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்திருக்கும், கூர்ந்து பார்த்தால் ஒற்றைக் கண்ணுக்கே தெரியும். தரப் பரிசோதகன் கண் அல்லவா, அச்சுப் பிசகைத்தான் கண்டுபிடித்திருக்கிறது. இந்த ஓட்டையை அடைக்கத்தான் வேறு சோதனை இருக்கிறது. பேலா ஜூலெஸ் 1960-ல் உண்டாக்கிய, வெறும் புள்ளிக் குப்பையாகத் தெரியும் படங்கள். அவற்றில் ஒரு கண்ணுக்குத் தெரியும்படி எந்த உருவமும் கிடையாது. இரண்டு கண்களின் புள்ளிகளும் மூளையில் ஒப்பிடப்பட்டால் மட்டுமே ஒரு சதுரம் மிதந்து எழும். எனக்குக் கடைசிவரை குப்பையாகவே இருந்தது.

சரி, இது இல்லாமல் என்ன குறைந்துபோனது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த வட்டங்களில் கடைசி, மிக நுணுக்கமானது, 40 ஆர்க் செகண்ட். ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் அதில் 40 பங்கு. நல்ல ஆழப்பார்வை உள்ளவர் இந்த அளவு வித்தியாசத்தைப் பிடித்துவிடுவார். அரை மீட்டர் தூரத்தில், அதாவது கை வேலை செய்யும் தூரத்தில், இது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான முன்பின் வித்தியாசம். ஊசியில் நூல் கோக்க, கனெக்டரில் பின்னைச் செருக அற்புதமான கருவி. ஆனால் தூரம் இரண்டு மடங்கானால் இந்தத் துல்லியம் நான்கில் ஒன்றாகிவிடும். மூன்று மீட்டரில் மூன்று சென்டிமீட்டர். இருபது மீட்டரில் 1.2 மீட்டர். நூறு மீட்டரில் முப்பது மீட்டர். ஜிஎஸ்டி சாலையைக் கடக்க நிற்கும்போது தூரத்தில் வரும் லாரி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று முடிவு செய்ய உங்கள் இரண்டாவது கண் கிட்டத்தட்ட எதுவும் உதவவில்லை. லாரியின் பரிச்சயமான அளவு, அது பெரிதாகிக்கொண்டே வரும் வேகம், சாலை ஓரத்துக் கம்பங்கள் என்று எனக்கும் கிடைக்கிற துப்புகளை வைத்துத்தான் நீங்களும் கடக்கிறீர்கள்.

இதற்கு நம் ஊரில் ஒரு பெரிய சாட்சி உண்டு. மன்சூர் அலிகான் பட்டோடி. 1961 ஜூலையில் இங்கிலாந்தின் ஹோவ் நகரில் நடந்த கார் விபத்தில் கண்ணாடித் துண்டு பாய்ந்து அவருடைய வலது கண்ணின் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. வயது இருபது. ஆறு மாதத்துக்குள் டெஸ்ட் ஆட வந்துவிட்டார். காண்டாக்ட் லென்ஸ் போட்டு ஆடிய ஓர் ஆட்டத்தில் தனக்கு இரண்டு பந்துகள் தெரிந்ததாகவும், உட்பக்கம் தெரிந்த பந்தை அடித்ததாகவும், பிறகு லென்ஸைக் கழற்றிவிட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஆடியதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். 1962 ஜனவரியில், சென்னையில், இங்கிலாந்துக்கு எதிராக 103. அதே மார்ச்சில் இந்திய அணியின் கேப்டன். பிட்ச் இருபது மீட்டர். மேலே போட்ட கணக்குப்படி அந்தத் தூரத்தில் பந்து புறப்படும்போது இரண்டாவது கண்ணின் பங்கு சொற்பம். அவர் தடுமாறிய இடங்கள் வேறு. சிகரெட் பற்றவைக்கும்போது தீக்குச்சி நுனியைத் தவறவிடும், ஜாடியிலிருந்து டம்ளரில் ஊற்றும் தண்ணீர் மேஜையில் விழும். எனக்கு இதைப் படித்தபோது ரொம்ப நெருக்கமாக இருந்தது. டீக்கடையில் கிளாஸைக் கொஞ்சம் அழுத்தி வைத்து, முதலில் விளிம்பைத் தொட்டுப் பார்த்துத்தான் நான் எதையும் ஊற்றுவேன். ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கிறது. பட்டோடி இருபது வருடம் இருந்ததை இழந்தார், என்னவென்று அவருக்குத் தெரியும். இழக்காமல் இருந்திருந்தால் எவ்வளவு அடித்திருப்பார் என்ற கேள்வியும் அதனால்தான் அவரைத் தொடர்ந்தது.

இந்தக் கணக்கு எங்கள் பக்கத்தில் வெறும் அறிவு விளையாட்டு இல்லை. என்னோடு அறையில் இருந்த ஓர் அண்ணன், திண்டிவனம் பக்கம், எட்டு வருடம் போர்க்லிப்ட் ஓட்டியவர். ஒரு பாலட்டைக்கூடக் கவிழ்த்ததில்லை. கம்பெனி மாறும்போது மருத்துவப் பரிசோதனையில் ஆழப்பார்வை இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். "எட்டு வருஷமா ஓட்டினது கண்ணு இல்லாமயாடா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் பக்கம் பேசத்தான் எனக்கு ஆசை. ஆனால் போர்க்லிப்டின் முள் நுனி ஓட்டுநரிடமிருந்து இரண்டரை, மூன்று மீட்டரில் இருக்கிறது. அந்தத் தூரத்தில் இரண்டாவது கண் மூன்று சென்டிமீட்டர் துல்லியம் தருகிறது. உயரமான ராக்கில் ஐந்து மீட்டர் தள்ளி என்றால் எட்டு சென்டிமீட்டர். பாலட்டின் வாய்க்குள் முள்ளை விடுவதற்கு அது நிஜமான உதவி. கம்பெனி கேட்டது முட்டாள்தனமான கேள்வி அல்ல. ஆனால் அண்ணன் தலையை இடவலமாக லேசாக அசைத்து அசைத்துப் பார்ப்பார். தலையை ஆறு சென்டிமீட்டர் நகர்த்தினால் இரண்டாவது கண் இருக்க வேண்டிய இடத்துக்கு முதல் கண்ணே போய்விடுகிறது. ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலிருந்து பார்க்க முடியாதவர் அடுத்தடுத்துப் பார்க்கிறார். கொஞ்சம் நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான். பத்து பாலட்டைக் கொடுத்து ராக்கில் வைக்கச் சொல்லி, நேரத்தையும் பிசகையும் குறித்திருந்தால் அந்த வேலைக்கு அவர் தகுதியா என்பது தெரிந்திருக்கும். ஈயின் இறக்கையைக் கிள்ளச் சொன்னால் ஈயின் இறக்கையைக் கிள்ளத் தெரியுமா என்பதுதான் தெரியும்.

இப்போது பயிற்சி. சூசன் பேரி என்கிற அமெரிக்க நரம்பியல் பேராசிரியருக்கும் கைக்குழந்தையிலேயே மாறுகண். இரண்டு, மூன்று, ஏழு வயதுகளில் ஆபரேஷன். கல்லூரியில், இருபது வயதில், பூனைக்குட்டிப் பாடத்தைக் கேட்கும்போதுதான் தனக்கு ஆழப்பார்வை இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. நாற்பத்தெட்டாவது வயதில், வேறு தொந்தரவுக்காக, ஒரு கண் பயிற்சியாளரிடம் போனார். பயிற்சிகளில் முக்கியமானது ஒரு நூல். அதில் சில வண்ண மணிகள். ஒரு முனையைச் சுவரில் கட்டி மறுமுனையை மூக்கு நுனியில் பிடித்துக்கொண்டு ஒரு மணியைப் பார்க்க வேண்டும். இரு கண்களும் அதே மணியில் நின்றால் நூல் இரண்டாகி, மணியில் குறுக்காக வெட்டிக்கொள்வது போலத் தெரியும். ஒரே நூல் தெரிந்தால் ஒரு கண்ணை மூளை அணைத்துவிட்டது என்று அர்த்தம். வெட்டும் இடம் மணிக்கு முன்னாலோ பின்னாலோ விழுந்தால் கண்கள் குறி தப்புகின்றன என்று அர்த்தம். பத்து ரூபாய்ப் பொருள், ஏமாற்றவே முடியாத கருவி. பேரி கண்களைக் குறிவைக்கக் கற்றார். ஒரு நாள் பயிற்சி முடிந்து காரில் உட்கார்ந்தபோது ஸ்டீயரிங் தன்னுடைய இடத்தில், டாஷ்போர்டிலிருந்து தனியே விலகி, நின்றுகொண்டிருந்தது. ஆலிவர் சாக்ஸ் 2006-ல் அவரைப் பற்றி எழுதினார், பேரி தானே 2009-ல் ஒரு புத்தகம் எழுதினார். புரூஸ் பிரிட்ஜ்மேன் கதை இன்னும் விசித்திரம். பார்வை பற்றி ஆராயும் விஞ்ஞானி, ஆழப்பார்வை மிகக் குறைவு. 67 வயதில் மனைவியோடு த்ரீடியில் 'ஹியூகோ' பார்க்கப் போனார், படத்தில் ஆழம் தெரிந்தது, வெளியே வந்தபோது தெருவிலும் தெரிந்தது, அப்படியே நிலைத்தும் விட்டது.

எல்லோரும் இந்த இரண்டு கதைகளையும் பகிர்ந்துகொள்கிறார்கள். நானும் இவற்றைப் படித்துவிட்டுத்தான் மருத்துவமனைக்கு ஓடினேன். ஆனால் கவனித்துப் படித்தால், பிரிட்ஜ்மேனின் கண்கள் சில சமயமாவது சேர்ந்து வேலை செய்திருக்கின்றன. கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்த நூலைத்தான் படம் இழுத்துவிட்டது. ஆய்வகத்தில், 2011-ல், டிங், லெவி என்ற இருவர் ஐந்து பேருக்கு ஆயிரக்கணக்கான தடவை பயிற்சி கொடுத்து ஆழப்பார்வை மீள்வதைக் காட்டினார்கள். ஐந்தே பேர். மீண்டது சராசரி மனிதருடைய நுணுக்கத்துக்கு வரவில்லை. இன்னொரு பக்கம், குழந்தைகளுக்கு இரு கண்களையும் சேர்த்து விளையாடும் டேப்லெட் விளையாட்டு கொடுத்து 385 பேரிடம் முறையாகச் சோதித்தபோது, பழைய கண்மூடித் துண்டைவிட அது மேல் என்று காட்ட முடியவில்லை. ஆக, ஏழு வயதுக் கெடு பொய், ஆனால் கதவு எல்லோருக்கும் திறப்பதில்லை. கண்கள் நேராக இருக்கிறதா, எப்போது கோணியது, எப்போது நேரானது, உள்ளே பொதுச் செல்கள் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. கடைசிக் கேள்விக்குத் திறந்து பார்த்துப் பதில் சொல்ல வழியில்லை.

எனக்குச் சொல்லப்பட்ட பதில் வேறு மாதிரி இருந்தது. "உங்க கண்ணு பாக்க நேரா இருக்கு, ஆனா இன்னும் கொஞ்சம் விலகல் இருக்கு. மூளை ஒரு படத்தை அணைச்சு வெச்சிருக்கறதாலதான் உங்களுக்கு எல்லாம் ஒண்ணா தெரியுது. அந்த அணைப்பைப் பயிற்சி பண்ணி உடைச்சுட்டு, சேர்க்கவும் முடியலைன்னா, எல்லாமே ரெண்டாத் தெரியும். திரும்ப அணைக்க முடியாமப் போகலாம்." பட்டோடி லென்ஸைக் கழற்றிவிட்டார். என்னால் எதைக் கழற்ற முடியும்? வேண்டாம் என்றார், நானும் வேண்டாம் என்று வந்துவிட்டேன். யூடியூபில் நூலும் மணியும் வைத்து இருபத்தொரு நாளில் த்ரீடி பார்வை என்று விற்கிறவர்கள் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதில்லை. மாறுகண் இருந்தவர்கள் தாங்களாகவே இதைச் செய்து பார்க்கக் கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்.

வேண்டாம் என்று வந்தேனே, எதை வேண்டாம் என்றேன்? இதுதான் எனக்குப் பிடிபடவில்லை. ஆழப்பார்வை வருவதற்குச் சில வருடங்களுக்கு முன் ஒரு விருந்தில், இரு கண்களாலும் பார்ப்பது எப்படி இருக்கும் என்று உங்களால் கற்பனை செய்ய முடிகிறதா என்று சாக்ஸ் பேரியைக் கேட்டிருக்கிறார். முடியும் என்றார் பேரி. அவருக்கு அந்தத் துறை முழுக்கத் தெரியும், பாடமே நடத்தியிருக்கிறார். கிடைத்த பிறகுதான் தன் கற்பனை பொய் என்று தெரிந்தது. தத்துவத்தில் பிராங்க் ஜாக்சன் 1982-ல் மேரி என்று ஒரு பெண்ணைக் கற்பனை செய்தார். கறுப்பு வெள்ளை அறையில் வளர்ந்து நிறத்தைப் பற்றிய எல்லா அறிவியலும் கற்ற மேரி, வெளியே வந்து சிவப்பைப் பார்க்கும்போது புதிதாக ஒன்றைத் தெரிந்துகொள்கிறாளா என்பது கேள்வி. நாற்பது வருடமாகச் சண்டை. பேரி அந்த அறையிலிருந்து நிஜமாகவே வெளியே வந்தவர், அவருடைய சாட்சி 'ஆமாம்' என்பதுதான். பனி விழுவதைப் பார்த்தபோது தானே பனிக்கு உள்ளே, பனித்துகள்களுக்கு நடுவே இருப்பதாக உணர்ந்தாராம். அதுவரை பனி தனக்கு முன்னால் ஒரு படுதாவில் விழுந்துகொண்டிருந்தது.

எனக்குப் படுதா என்று தோன்றவில்லையே? உலகம் எனக்குத் தட்டையாக இல்லை. எங்கள் ஊர் பாடலாத்ரி நரசிம்மர் குன்றைக் குடைந்த கருவறையில் இருக்கிறார். அர்ச்சகர் நெற்றித் திருமண்ணை விலக்கிக் கற்பூர ஆரத்தியை உயர்த்தி மூன்றாவது கண்ணைக் காட்டுவார். சுடர் இடமிருந்து வலம் நகரும்போது நிழல்கள் எதிர்ப்பக்கம் நகரும், அப்போது தோளும் மார்பும் கல்லிலிருந்து முன்னால் வரும். எனக்கு வரும். பக்கத்தில் நிற்பவருக்கு அதற்கு மேல் ஏதோ வருகிறது என்று நம்புகிறேன். ஆனால் நம்பிக்கைதான், பார்வை இல்லை. நான் பார்ப்பதில் ஓட்டை எதுவும் தெரிவதில்லை, ஏனென்றால் ஓட்டை தெரிய வேண்டுமென்றால் விளிம்பு வேண்டும். என் வருத்தமும் அதனால் ஒரு விதத்தில் கடன் வாங்கியது. அடுத்தவர்கள் குனிந்ததை வைத்துத்தான் நான் எதையோ தவறவிட்டேன் என்று கணக்கிடுகிறேன்.

அக்கா மகள் விஷயத்தில் இந்தக் கணக்கு போதுமா? அவளுக்கு மாறுகண் இல்லை. இடது கண்ணுக்குப் பவர் அதிகம், வலதுக்குக் கிட்டத்தட்ட இல்லை. வலது தெளிவாக இருப்பதால் மூளை இடதைக் கேட்பதை நிறுத்திவிட்டது. சோம்பேறிக் கண் என்பார்கள், கண்ணின் மேல் வீண்பழி. பாலர் பள்ளி முகாமில் ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னபோதுதான் தெரிந்தது. அதுவரை அவளும் சொல்லவில்லை, யாருக்கும் சந்தேகமும் இல்லை. முதலில் நான்கு மாதம் கண்ணாடி மட்டும். அதிலேயே கொஞ்சம் ஏறியது. பிறகு நல்ல கண்ணின் மேல் ஒட்டுத்துண்டு, தினம் இரண்டு மணி நேரம். மிதமான பாதிப்புக்கு ஆறு மணி நேரமும் இரண்டு மணி நேரமும் ஏறக்குறைய ஒரே பலன் என்று தெரிந்தபின் இரண்டாகக் குறைந்திருக்கிறது. மாறுகண்ணை ஒப்பிட இந்த வகையில் ஆழப்பார்வை மீளும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது.

அக்காவுக்கு ஷிப்ட் என்பதால் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை என் பொறுப்பு. மங்கலான கண்ணோடு உட்காரவைத்து மணி கோக்கச் சொல்வேன். "மாமா, எடுத்துடு மாமா" என்பாள். ஒருநாள் கேட்டாள்: "இது போட்டா என்ன வரும்?" படிக்க நல்லா இருக்கும், ஒரு கண்ணில் அடிபட்டாலும் மறு கண் இருக்கும் என்று சொல்லலாம், அது உண்மையும்கூட. அதற்காக மட்டும் என்றால் என் மனசாட்சிக்குச் சிக்கலே இல்லை. ஆனால் நான் அவளுக்குத் தர நினைப்பது அந்த இறக்கையையும்தான். நானே அறியாத சந்தோஷத்துக்காக அவள் அறிந்த அழுகையைக் கேட்கிறேன். அவளிடம் சம்மதம் வாங்கக் காத்திருக்க முடியாது, ஏனென்றால் சம்மதம் சொல்லும் வயது வரும்போது மூளை இவ்வளவு இளகியிருக்காது. இப்போது நிறுத்தினால் அதுவும் அவளுக்காக நான் எடுத்த முடிவுதான். என் பாட்டி அதிர்ஷ்டம் என்று சொல்லி எடுத்த முடிவு போல. பேரியின் சாட்சி, குனிந்த ஆறு நண்பர்கள், இவர்களை நம்பி ஒட்டுகிறேன். வேறு சிலவற்றையும் நாம் இப்படித்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம் என்றாள் அக்கா. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாதானே எங்கள் இருவரையும் அடித்துப் பள்ளிக்கு அனுப்பினாள்.

போன மாதம் அவளுக்கும் அதே புத்தகத்தைக் கொடுத்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். அவள் விரல்கள் காகிதத்துக்கு மேலே மூன்று விரற்கடை உயரத்தில் நின்று எதையோ கிள்ளின. நான் பார்த்தது காற்றில் கிள்ளும் ஒரு குழந்தையின் கை. வட்டங்களில் இரண்டாவது வரை போனாள், 400 ஆர்க் செகண்ட். புத்தகத்தைத் திருப்பிக் கேட்டபோது, "இது உள்ள போயிடுச்சு" என்றாள். இடது கண் அட்டையில் இன்னும் இரண்டு வரி பாக்கி இருக்கிறது. ஒட்டுத்துண்டைத் தொடரச் சொல்லியிருக்கிறார்கள். தை பிறந்ததும் மறுபடி வரச் சொன்னார்கள்.